ஆயிரத்து நூறும் நூற்று அறுபதும்

என் மச்சினன் பட்டாபிராமில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறான். அங்கே சாமி படத்துக்குப் பக்கத்தில் நான் சொன்ன பொய் ஒன்று லேமினேட் செய்யப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் தொங்கியது. பொய் என்று எனக்கே அப்போது தெரியாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான் பதினைந்து வருஷமாக என் பிழைப்பு.

ஸ்டுடியோவில் மூன்று எடிட்டர்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு எஸ்எஸ்டி டிஸ்க். ஒரே கல்யாணத்தை மூன்று பேர் வெட்டி ஒட்ட வேண்டுமென்றால் டிஸ்க் மேஜைக்கு மேஜை நடக்கும். "தாலி கட்டுறது யாராண்ட கீது?" என்று ஒருவர் கத்த, "என்னாண்ட ஊர்வலம் மட்டும்தான் கீது" என்று இன்னொருவர் கத்த, நடுவில் மச்சினன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் வீட்டு ஆல்பம் போன கதையெல்லாம் நடந்திருக்கிறது.

"மாமா, உங்களுக்குத் தெரியாததா. ஒரு வழி சொல்லுங்க" என்றான். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. ஒரு நாஸ் பெட்டி வாங்கச் சொன்னேன். நான்கு பெரிய ஹார்ட் டிஸ்க்குகள், அறுபத்து நாலு ஜிபி மெமரி, அதிலிருந்து மூன்று கம்ப்யூட்டருக்கும் வேகமான கேபிள். எல்லா வீடியோவும் ஒரே இடத்தில் இருக்கும், மூன்று பேரும் அங்கிருந்தே எடிட் செய்யலாம். நானே தேர்ந்தெடுத்தேன், நானே பூட்டினேன், நானே மாட்டிக்கொண்டேன்.

பெட்டிக்குப் பூஜை போட்டார்கள். மச்சினன் சந்தனத்தைக் குழைத்து முகப்பில் மூன்று பட்டை இழுத்தான். அதில் ஒன்று சரியாகக் காற்றுப் போகும் ஓட்டையை அடைத்தது. நான் ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தேன். எலுமிச்சம்பழம் சுற்றினார்கள், கற்பூரம் காட்டினார்கள், அப்புறம் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வண்டிக்குப் பூஜை போட்டால் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்ட வேண்டும் இல்லையா, அதைப்போல.

ஓட்டிக் காட்டினேன். ஃபியோ என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. டிஸ்க் எவ்வளவு வேகமாகப் படிக்கும், எழுதும் என்று அளப்பதற்கு எங்கள் தொழிலில் அதைத்தான் ஓட்டுவோம். சும்மா ஃபைலை காப்பி செய்து பார்க்கிறவர்களை நான் மதிப்பதே இல்லை. கம்ப்யூட்டர் தன் சொந்த மெமரியில் ஒளித்து வைத்ததை எடுத்துக் கொடுத்து ஏமாற்றும், அதனால் "டைரக்ட்" என்ற ஆப்ஷனைப் போட்டு அந்த வழியை அடைத்துவிட வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். நான்கு ஜிபிக்கு ஒரு ஃபைலை எழுதி, உடனே அதையே படிக்கச் சொன்னேன். விநாடிக்கு ஆயிரத்து நூறு எம்பி என்று திரையில் வந்தது.

அந்தக் கேபிளில் அதற்கு மேல் போகவே முடியாது. நான்கு ஹார்ட் டிஸ்க் சேர்ந்தாலும் அந்த எண்ணை எட்டாது என்று என் மூளையின் ஒரு மூலையில் மணி அடித்திருக்க வேண்டும். அடித்திருக்கும். நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். மச்சினன் அந்தத் திரையைப் படம் பிடித்து, பெரிதாக பிரின்ட் போட்டு, லேமினேட் செய்து மாட்டினான். கீழே "மாமா டெஸ்ட் செய்தது" என்று வேறு எழுதியிருந்தான்.

அந்தக் காகிதத்தை நம்பித்தான் அவன் பூந்தமல்லி கல்யாணத்தை ஒத்துக்கொண்டான். காலையில் முகூர்த்தம், சாயங்காலம் அதே மண்டபத்தில் ரிசப்ஷன். காலையில் எடுத்ததை ஆறு நிமிஷப் படமாக வெட்டி, ஏழு மணிக்கு மேடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய திரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். அவன் இதுவரை செய்ததே இல்லை. மண்டபத்து முதலாளி அவனைக் கூப்பிட்டு, "இது நல்லா வந்தா இனிமே நம்ம மண்டபத்து வீடியோ எல்லாம் உன்னுதுதான். திரை இருட்டாச்சுன்னா இந்தப் பக்கம் வராத" என்று சொல்லியிருந்தார். மூன்று வருஷமாக அந்த மண்டபத்துக்குள் நுழையத் தவம் கிடந்தவன் அவன்.

நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒரு கேமரா வீடியோ தடங்காமல் ஓட விநாடிக்கு இருபத்தைந்து எம்பி வேண்டும். மூன்று கேமரா, மூன்று எடிட்டர், எல்லோரும் ஒரே நேரத்தில் மூன்று கோணங்களையும் ஓட்டிப் பார்த்தால் ஒன்பது ஓட்டம், மொத்தம் இருநூற்று இருபத்தைந்து. "நம்மகிட்ட ஆயிரத்து நூறு இருக்கு. ஆனைப் பசிக்கு ஆனைத் தீனியே இருக்கு, கவலைப்படாதே" என்றேன். அவன் சந்தோஷத்தில் அந்தப் பழைய எஸ்எஸ்டி மூன்றையும் ஆவடியில் இருக்கும் இன்னொரு ஸ்டுடியோக்காரருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டான். கல்யாணம் புதன்கிழமை. அவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, ஸ்டுடியோவின் சீனியர் எடிட்டர் எனக்குப் போன் செய்தார். பட்டாபிராமிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி, முப்பத்தைந்து வயது இருக்கும், ஸ்டுடியோவில் மச்சினனையே அதட்டுகிற ஒரே ஆள்.

"சார், பொட்டி நொண்டுது சார்."

"உங்க மெஷினை ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். என் ஆபீஸில் எவன் என்ன சொன்னாலும் முதலில் வாயில் வருகிற மந்திரம் அதுதான்.

"மூணு வாட்டி பண்ட்டேன். இன்னா விஷயம்னா, இன்னிக்கு காலைல ஏத்துன வீடியோ ஜம்முனு ஓடுது. போன மாசத்து கல்யாணத்த தொறந்தா திக்கித் திக்கி ஓடுது. அதையே ரெண்டாவது வாட்டி ஓட்னா நல்லா ஓடுது. புது சரக்குக்கு ஒரு மரியாத, பழைய சரக்குக்கு ஒரு மரியாதயா சார்?"

எனக்குக் கோபம் வந்தது. ஒத்துக்கொள்கிறேன், கோபம்தான் முதலில் வந்தது. ஃபியோவில் டைரக்ட் போட்டு டெஸ்ட் செய்த என்னிடம் பெட்டி நொண்டுகிறது என்று சொல்வதா? "நான் முறையா டெஸ்ட் பண்ணதும்மா. உங்க சாஃப்ட்வேர்லதான் ஏதோ கோளாறு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

திருநின்றவூர் வீட்டில் இதை என் மனைவியிடம் சொல்லிப் பொருமினேன். அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"நீங்க டெஸ்ட் பண்ண ஃபைலு எவ்ளோ பெருசு?"

"நாலு ஜிபி."

"அந்தப் பொட்டிக்கு மெமரி எவ்ளோ?"

"அறுபத்து நாலு."

"யார் எழுதுனது அந்த ஃபைல?"

"அந்தப் பெட்டியேதான். ஒரு நிமிஷம் முன்னாடி."

"போர்டுல ஒரு கணக்கப் போட்டு, அழிக்கிறதுக்குள்ள அதே கணக்க பசங்களாண்ட கேட்டா நூத்துக்கு நூறு வாங்குவானுங்க. நான் அத பரீட்சைனு சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த பேப்பரை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டைரக்ட் என்று நான் அடைத்தது எடிட்டர் கம்ப்யூட்டரின் மெமரியை மட்டும். கேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெட்டிக்கு அந்த விஷயமே தெரியாது. அது தன் அறுபத்து நாலு ஜிபி மெமரியில், நாங்கள் கேஷ் என்று சொல்கிற இடத்தில், என் நாலு ஜிபியை வைத்துக்கொண்டு சும்மா எடுத்து எடுத்து நீட்டியிருக்கிறது. நான் ஹார்ட் டிஸ்க்கை டெஸ்ட் செய்யவே இல்லை, கேபிளை டெஸ்ட் செய்திருக்கிறேன். வேலைக்கு இன்டர்வியூவுக்கு வருகிற பையன்களை இதே கேள்வியால் மடக்கியவன் நான். மானக்கேடு.

மறுநாள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே ஸ்டுடியோவில் இருந்தேன். மச்சினன் பூந்தமல்லி மண்டபத்துக்கு வயர் அளக்கப் போயிருந்தான். சீனியர் எடிட்டர் மட்டும் இருந்தார்.

"நேத்து கொஞ்சம் முறைப்பா பேசிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அத்த உடுங்க சார். பொட்டிக்கு இன்னா சீக்கு, அத்தச் சொல்லுங்க."

சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். இரண்டு பேருமாகச் சேர்ந்து உண்மையான டெஸ்ட் ஒன்றைத் தயார் செய்தோம். முப்பது ஜிபிக்கு ஒன்பது ஃபைல்கள், மொத்தம் இருநூற்று எழுபது. பெட்டி என்னதான் வாயைத் திறந்தாலும் அறுபத்து நாலுக்குள் அதை விழுங்க முடியாது. உள்ளே வெறும் பூஜ்யமாக நிரப்பினால் பெட்டி அதைச் சுருக்கிக் காலணா அளவுக்கு ஆக்கிவிட்டு வேகமாகப் படித்ததாகப் பீற்றிக்கொள்ளும், அதனால் சுருங்காத குப்பை எண்களால் நிரப்பினோம். எழுதி முடிக்கவே இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. அப்புறம் எழுதின ஞாபகம் கொஞ்சமும் மிச்சம் இருக்கக்கூடாதென்று பெட்டியை அணைத்துப் போட்டோம். மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில், ஆளுக்கு மூன்று ஃபைலாக, பத்து நிமிஷம் படிக்க விட்டோம். ஒரு தடவை படித்த இடத்துக்குத் திரும்பிப் போகாமல், ஆரம்பத்திலிருந்து நேராக.

மூன்றையும் கூட்டினால் நூற்று அறுபது.

ஹார்ட் டிஸ்க்கின் முள் ஒன்பது இடத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. பந்தியில் ஒன்பது வரிசைக்கு ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஓடினால் ஊற்றுகிற நேரத்தைவிட ஓடுகிற நேரம்தான் அதிகம். வேண்டியது இருநூற்று இருபத்தைந்து, இருப்பது நூற்று அறுபது. புதன்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் மூன்று திரையும் திக்கும்.

அப்போதுதான் என் புத்தி வேலையைக் காட்டியது. "ஒருவேளை ஏதாவது தப்பா இருக்கும், இன்னொரு தடவை பார்ப்போம்" என்று பெட்டியை அணைக்காமல் அப்படியே மறுபடி ஓட்டினேன். இருநூற்றுப் பத்து வந்தது. முதல் ஓட்டத்தில் படித்ததில் ஒரு பங்கு மெமரியில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் இருநூற்றுப் பத்து என்பது இருநூற்று இருபத்தைந்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். இன்னொரு தடவை ஓட்டினால் தாண்டிவிடும். தாண்டினால் அதை ஒரு படம் பிடித்துக்கொண்டு, மானம் மரியாதையோடு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். புதன்கிழமை திக்கினால் கரண்ட் மேல் பழி போடலாம். இவ்வளவையும் நான் உட்கார்ந்து யோசித்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சீனியர் எடிட்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொட்டிய அணைச்சிட்டு வரட்டா சார்?"

"வேண்டாம். அதே நூத்தி அறுபதுதான் வரும்" என்றேன்.

"வரட்டும். ஒரு வாட்டிக்கு ரெண்டு வாட்டி பாத்துக்கினா நல்லதுதான" என்று எழுந்து போய் அணைத்துப் போட்டார். நூற்று ஐம்பத்தெட்டு வந்தது. அதோடு அவர் விடவில்லை. பெட்டியை மறுபடி அணைத்துப் போட்டு, போன மாதத்துக் கல்யாண வீடியோக்களை மூன்று கம்ப்யூட்டரிலும் ஒன்றாக ஓட்டினார். ஐந்தாவது நிமிஷம் மாப்பிள்ளை மாலையைத் தூக்கியபடியே உறைந்து நின்றார்.

பன்னிரண்டரைக்கு மச்சினன் வந்தான். கூடவே ஆவடி ஸ்டுடியோக்காரரும் வந்துவிட்டார், நல்ல வெள்ளைச் சட்டையில், எஸ்எஸ்டி எடுத்துப்போக ஒரு பை சகிதம். மச்சினன் அவருக்கு டீ சொல்லிவிட்டு, சுவரில் தொங்கும் என் காகிதத்தைக் காட்டி, "மாமா போட்ட டெஸ்ட்டுண்ணே. ஆயிரத்து நூறு" என்று பெருமையாகச் சொன்னான். அவர் ஆகா என்றார். மூன்று எஸ்எஸ்டியும் மேஜையில் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். தனியாகக் கூப்பிட எழுந்திருப்பதற்குள் அந்த அடுக்கு பைக்குள் போய்விடும் போலிருந்தது.

"அதைக் குடுக்காதே. அந்த நம்பர் பொய்" என்றேன்.

டீ கிளாஸ் ஆவடிக்காரர் வாய்க்குப் போகாமல் நின்றது. மச்சினன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். நாலு ஜிபி, அறுபத்து நாலு ஜிபி, மெமரி, நூற்று அறுபது, எல்லாவற்றையும் ஒரு வெளியாள் முன்னால் ஒப்பித்தேன். காது இரண்டும் எரிந்தது. வைவான் என்று எதிர்பார்த்தேன், வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சாவதானமாகக் கேட்டான்.

"இந்த நூத்தி அறுபத நம்பலாமா மாமா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் கண் என்னைத் தாண்டி சீனியர் எடிட்டரிடம் போய்விட்டது. அவர் தலையாட்டினார். அப்புறம்தான் அவன் ரப்பர் பேண்டைக் கழற்றி எஸ்எஸ்டிகளை டிராயருக்குள் வைத்தான். பத்து வருஷமாக என்னைக் கேட்காமல் ஒரு செல்போன்கூட வாங்காத பயல்.

ஆவடிக்காரர் நல்ல மனிதர். "உடு நைனா, நான் வேற பாத்துக்கறேன்" என்று எழுந்தார். போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "எங்க ஊட்லயும் ஒரு பொட்டி கீது சார். அதுல தொள்ளாயிரம் வந்துச்சு. அதுவும் இப்டித்தானா?" என்று கேட்டார். இப்படித்தான் என்றேன். மனிதர் முகம் தொங்கிவிட்டது.

புதன்கிழமைக்கு வேறு ஏற்பாடு செய்தோம். மூன்று எஸ்எஸ்டியிலும் வீடியோ முழுக்க இருக்கும், எடிட் அங்கிருந்தே நடக்கும், நாஸ் பெட்டி ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அந்த எஸ்எஸ்டிகளையும் சீனியர் எடிட்டர் சும்மா நம்பவில்லை. நூறு ஜிபி வீடியோவை விடாமல் எழுதிப் பார்த்தார். நாற்பது வரைக்கும் பறந்தது, அதற்குமேல் அதன் குட்டிக் கேஷ் நிரம்பி மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்குப் படுத்துவிட்டது. ஆனால் படிப்பதில் குறையே இல்லை, டிஸ்க்குக்கு ஐந்நூறு. "எய்தறதுக்கு மட்டும் சீக்கிரமே ஆரம்பிச்சிடணும். மேட்டர் தெரிஞ்சா போதும், சமாளிச்சிக்கலாம்" என்றார். புதன்கிழமை காலை முகூர்த்தம் முடிகிறவரைக்கும் காத்திருக்காமல் கேமரா கார்டு நிரம்ப நிரம்ப அனுப்பினார்கள். பூந்தமல்லியிலிருந்து பட்டாபிராமுக்குக் கார்டுகளை என் ஸ்கூட்டரில் நான்தான் சுமந்தேன். நான்கு நடை. ஹெல்மெட்டுக்குள் வெந்துபோனேன். அது எனக்கு வேண்டியதுதான்.

ஏழு பத்துக்குப் படம் திரையில் ஓடியது. ஒரு இடத்தில்கூடத் தடங்கவில்லை. காலையில் தான் அழுததைச் சாயங்காலம் பார்த்துப் பெண்ணின் அம்மா மறுபடி அழுதார். மண்டபத்து முதலாளி மச்சினன் தோளில் கை போட்டுக்கொண்டு அடுத்த முகூர்த்தத் தேதிகளைச் சொல்ல ஆரம்பித்தார். நான் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாக இரண்டு தடவை பாயசம் வாங்கினேன்.

அடுத்த வாரம் ஸ்டுடியோவுக்குப் போனபோது சாமி படத்துக்குப் பக்கத்தில் புதுக் காகிதம் தொங்கியது. நூற்று அறுபது என்று பெரிதாக. கீழே சீனியர் எடிட்டரின் கையெழுத்தில் "பெட்டியை அணைத்துப் போட்ட பிறகு எடுத்தது" என்று இருந்தது. என் பெயரோ உறவோ எதுவும் இல்லை. மச்சினன் எப்போதும்போல "வாங்க மாமா" என்றான், டீ சொன்னான், நன்றாகத்தான் பேசினான்.

அன்றைக்கு என் மனைவியும் கூட வந்திருந்தாள். திரும்பும்போது ஸ்கூட்டரில் கேட்டேன்.

"உன் தம்பிக்கு என்மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் உடனே.

"ரொம்ப சீக்கிரம் வந்துச்சே பதில். இது கேஷ்ல இருந்து வந்ததா, டிஸ்க்ல இருந்து வந்ததா?" என்றேன் வேடிக்கையாக.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நெமிலிச்சேரி தாண்டுகிற வரைக்கும் பின்னால் இருந்து சத்தமே இல்லை. ஒரு லோக்கல் ரயில் எங்களை முந்திக்கொண்டு போனது. அப்புறம் என் தோளில் கையை வைத்தாள்.

"கொஞ்சம் போயிருக்குங்க" என்றாள்.